எந்தக் கடைக்கு எழுதுறோம்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், துணிப்பை தைக்கும் குழுவின் சார்பாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மேடையில பேசிப் பழக்கமில்ல. எங்க குழு ஊக்குநர் அக்கா, "நம்ம ஆயிரம் பைக் கதையையாவது சொல்லிட்டு வா, மத்த குழுவுக்கு உதவும்"னு அனுப்பிட்டாங்க. அதனால அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாங்க பன்னிரண்டு பேர். தையல் தெரிஞ்சவங்க ஏழு பேர். 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் கேரி பைக்குத் தடை வந்துச்சு. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு அரசாங்கமே சொல்ல ஆரம்பிச்சாங்க. இனிமே எல்லாக் கடைக்கும் துணிப்பை வேணும்னு நாங்க நினைச்சோம். எல்லாருந்தான் நினைச்சாங்க. அந்த 'எல்லாக் கடைக்கும்' என்கிற ஒரு வார்த்தையிலதான் நாங்க மாட்டினோம்.

முதல்ல ஒரு நோட்டீஸ் அடிச்சோம். 500 நோட்டீஸ், 900 ரூபாய். அதுல என்ன எழுதினோம்னு அப்படியே படிக்கிறேன். சிரிக்காதீங்க.

"பிளாஸ்டிக்கை ஒழிப்போம்! துணிப்பையை ஆதரிப்போம்! அனைத்து வகைக் கடைகளுக்கும் அனைத்து அளவுகளிலும் தரமான துணிப்பைகள் குறைந்த விலையில் கிடைக்கும். மகளிர் குழு தயாரிப்பு. ஆதரவு தாரீர்."

இந்த நோட்டீஸ டவுன்ல பஸ் ஸ்டாண்டுல இருந்து சந்தைப்பேட்டை வரைக்கும் ஒரு கடை விடாம கொடுத்தோம். மளிகைக் கடை, செருப்புக் கடை, கறிக்கடை, மெடிக்கல், செல்போன் கடை, எல்லாத்துக்கும். அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு 200 பேருக்கு அனுப்பினோம். பிராட்காஸ்ட்டுல அனுப்பினா, நம்ம நம்பரைத் தங்க போன்ல சேமிச்சு வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் போய்ச் சேரும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கடைக்காரங்க யாரு நம்ம நம்பரைச் சேமிச்சு வெச்சிருக்காங்க? சொந்தக்காரங்களுக்கும் நம்ம குழுக்காரங்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. எங்க மாமியாருக்கே ரெண்டு தடவை வந்துச்சு.

ஒரு மாசத்துல 23 போன் வந்துச்சு. சந்தோஷப்பட்டோம். ஆனா பேசிப் பார்த்தா, மளிகைக் கடைக்காரர் "அஞ்சு ரூபாய்க்குக் கொடுப்பீங்களா"ன்னு கேக்கிறார். கறிக்கடைக்காரருக்குத் தண்ணி கசியாத பை வேணும். ஒருத்தர் பத்தே பை, பத்துலயும் மக பேரு அச்சடிச்சு, நாளைக்கே வேணும்கிறார். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பதில், ஒரு விலை. ரெண்டு ஆர்டர்தான் நின்னுச்சு. அந்த ரெண்டுல ஒண்ணுதான் ஆயிரம் பை.

டவுன்ல ஒரு பெரிய ஜவுளிக்கடை. பேரு வேண்டாம். எங்க விலை 22 ரூபாய். அவங்க ஆயிரம் எடுக்கிறோம்னு சொல்லி 18-க்குக் கேட்டாங்க. பெரிய கடை, ஒரு தடவை உள்ள போயிட்டா போதும்னு சரின்னுட்டோம். ஒரு பைக்கு எங்களுக்கு ஆகிற அசல் 17 ரூபாய். ஈரோட்டுல வாங்குற காடா துணி 10, தையல் கூலி 4, அச்சுக்கு மையும் கூலியும் 2, நூலும் பஸ் செலவும் 1. குழுவில இருந்து 17,000 உள்கடன் எடுத்தோம், நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. பத்து நாள் ராத்திரி பகலா தைச்சோம். பணம் கைக்கு வர நாலு மாசம் ஆச்சு. வட்டி மட்டும் 680. அச்சுச் சட்டம் செஞ்சது 300. கழிச்சுப் பாருங்க. ஆயிரம் பை தைச்சதுக்குக் குழுவுக்கு மிஞ்சினது இருபது ரூபாய்.

அந்த நாலு மாசமும் வாரக் கூட்டம் சண்டையாப் போச்சு. உள்கடன் அங்க போய் முடங்கினதால, ஒரு தங்கச்சிக்கு மகன் காலேஜ் பீஸுக்குக் கடன் கொடுக்க முடியல. அவ சேமிப்பை எடுத்துக்கிட்டு விலகுறேன்னு தீர்மான நோட்டுல எழுதச் சொல்லிட்டா. அப்பதான் உட்கார்ந்து யோசிச்சோம். தப்பு தையல்ல இல்ல. நாம யாருக்கு எழுதுறோம்னு தெரியாம எழுதியிருக்கோம்.

ஒரு பயிற்சியில 'ஐடியல் கஸ்டமர் ப்ரொஃபைல்'னு சொல்லிக் கொடுத்தாங்க. நமக்கு ஏத்த வாடிக்கையாளர் எப்படி இருப்பாங்கன்னு முன்கூட்டியே எழுதி வெச்சுக்கிறது. எங்க குழுவில அந்தப் பேரு யாரு வாயிலயும் நுழையல. நாங்க அதைக் 'கடை ஜாதகம்'னு சொல்றோம். பொண்ணு பார்க்கப் போறதுக்கு முன்னாடி ஜாதகம் பார்க்கிறோமில்ல, அது மாதிரி கடிதம் எழுதறதுக்கு முன்னாடி கடைக்கு ஒரு ஜாதகம். ஆனா இந்த ஜாதகத்த நாம ஆசைப்படி எழுதக்கூடாது. ஆசைப்படி எழுதினா பெரிய ஜவுளிக்கடைதான் வரும். நம்ம ஆர்டர் நோட்டப் பார்த்து எழுதணும்.

நாங்க அந்த நோட்ட எடுத்தோம். 16 மாசத்துல 19 கடை நம்மகிட்ட பை வாங்கியிருக்கு. நாம போன் போடாம, தானா கூப்பிட்டு ரெண்டாவது தடவை வாங்கினவங்க யாருன்னு மட்டும் சிவப்பு மையில வட்டம் போட்டோம். ஆறு வட்டம் வந்துச்சு. முதல் தடவை வாங்குறதுல ஒண்ணும் தெரியாது. முகத்துக்காக வாங்குவாங்க, மகளிர் குழுன்னு பாவம் பார்த்து வாங்குவாங்க. ரெண்டாவது தடவை வாங்குறது அவங்களுக்கு உதவினதாலதான்.

அந்த ஆறுல ஒண்ணு எங்க நாத்தனார் பேன்சி ஸ்டோர். அதை அடிச்சிட்டோம். சொந்தக்காரங்க வாங்குறதக் கணக்குல வெச்சா ஜாதகம் பொய்யாயிடும். மிச்சம் அஞ்சு. ஒண்ணு மரபு அரிசி விக்கிற கடை. ஒண்ணு பள்ளிச் சீருடை தைக்கிறவர், அவர் வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாசம் மட்டும். மீதி மூணும் ப்ளவுஸ் தைக்கிற கடை, அதுவும் ஆரி வேலை செய்யிற கடை. இதை நாங்க எதிர்பார்க்கவே இல்ல. அந்த மூணு பேரும் நோட்டீஸப் பார்த்து வந்தவங்க இல்ல. எங்க குழுவுல ஒருத்தி ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கப் போனப்ப அவ கையில இருந்த பையப் பார்த்துக் கேட்டு வாங்கினவங்க.

அரிசிக் கடையும் நல்ல வாடிக்கைதான். ஆனா அந்த மாதிரி கடை டவுன்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஒரு கடைக்காக ஜாதகம் எழுத வேண்டியதில்ல, நேரா போய்ப் பேசினாப் போதும். ப்ளவுஸ் கடை தெருவுக்குத் தெரு இருக்கு. அதனால அதை எடுத்தோம்.

அடுத்ததா அந்த மூணு கடைக்கும் நேர்ல போனோம். "பை நல்லா இருக்கா அக்கா"ன்னு கேக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனோம். அப்படிக் கேட்டா மரியாதைக்கு "நல்லாருக்கு"ம்பாங்க, அதோட பேச்சு முடிஞ்சிரும். நடந்ததத்தான் கேட்டோம். நம்ம பை வர்றதுக்கு முன்னாடி எதுல போட்டுக் கொடுத்தீங்க? முதல் தடவை வாங்கணும்னு எந்த அன்னைக்குத் தோணுச்சு? வாங்கலாம்னு சொன்னது யாரு? எப்ப தீர்ந்துபோச்சு? இந்த நாலே கேள்வி.

அதுல ஒரு அக்கா சொன்னது எங்க கண்ணைத் திறந்துச்சு. நாங்க என்ன நினைச்சிருந்தோம்? பிளாஸ்டிக் தடை, விளம்பரம், இதுக்காகத்தான் வாங்குறாங்கன்னு. அந்த அக்கா பிளாஸ்டிக்கைப் பத்திப் பேசவே இல்ல. "ஒரு கல்யாண ஆர்டர்ல பொண்ணோட அளவு ப்ளவுஸைத் தொலைச்சிட்டேன்"ன்னு சொன்னாங்க. சேலை ஒரு இடம், லைனிங் துணி ஒரு இடம், அளவு ப்ளவுஸ் ஒரு இடம்னு அலமாரியில கிடக்கும். ஆரி போட வெளியே கொடுத்து வாங்குறப்ப இன்னும் கலந்துபோகும். பொண்ணு வீட்டுக்காரங்க கடைக்கே வந்து சத்தம் போட்டிருக்காங்க. அதுல இருந்து, துணி வாங்குற அன்னைக்கே நம்ம பையில மூணையும் ஒண்ணாப் போட்டு, சீட்டைக் குண்டூசியால வெளியே குத்தி அடுக்கி வெச்சிடறாங்க. தைச்சு முடிச்சதும் அதே பையோட கொடுத்துடறாங்க. விசாரிச்சப்ப, மத்த ரெண்டு கடையிலயும் கிட்டத்தட்ட அதேதான்.

நாம சுற்றுச்சூழல்னு எழுதிட்டு இருந்தோம். அவங்க அளவு ப்ளவுஸ் தொலையக்கூடாதுன்னு வாங்கிட்டு இருந்திருக்காங்க. இது தெரியாம எவ்வளவு அழகாக் கடிதம் எழுதினாலும் அது அவங்க மனசுல போய் ஒட்டாது.

அன்னைக்கே பையிலயும் ஒரு மாத்தம் செஞ்சோம். வெளிப்பக்கம் டோக்கன் சொருக ஒரு சின்ன பாக்கெட். வெட்டுத் துண்டுலயே தைச்சிடலாம், துணிச் செலவு இல்ல. குண்டூசி குத்தினா பட்டுச் சேலையில ஓட்டை விழுந்திடுமோன்னு அந்த அக்கா பயந்தாங்க, அதுக்காகத்தான்.

அப்புறம் உட்கார்ந்து ஜாதகம் எழுதினோம். ஒரு பக்கத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வெச்சோம். அதுல ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

முதல் வரி, பில் தொகை. கடையில ஒரு வாடிக்கையாளருக்குப் போடுற பில் 700 ரூபாய்க்கு மேல இருக்கணும். ஏன்னா பை 22 ரூபாய். 700 ரூபாய் பில்லுல 22 என்கிறது நூத்துக்கு மூணு ரூபாய். அது கடைக்காரருக்குத் தெரியாது. மளிகைக் கடையில 150 ரூபாய்க்குச் சாமான் வாங்கினா, அதுல அவருக்கு நிக்கிற லாபமே 22 ரூபாய் வராது. அவர் அஞ்சு ரூபாய்க்குக் கேட்டதுல தப்பே இல்ல. அவரைக் கஞ்சன்னு நாங்க திட்டினதுதான் தப்பு. சாதாரண ப்ளவுஸ் மட்டும் தைக்கிற கடையில பில் 300, 400-தான் வரும். அதனாலதான் ஆரி வேலையும் செய்யணும்னு எழுதினோம்.

ரெண்டாவது, எத்தனை பை ஆகும் என்கிறது. மாசம் 60-க்குக் குறையாம, 150-க்கு மேல போகாம உருப்படி போகணும். 60-க்குக் கீழ போனா நூறு பை தீர ரெண்டு மாசத்துக்குப் பக்கமோ அதுக்கு மேலயோ ஆகும், அதுக்குள்ள நம்மை மறந்துடுவாங்க. 150-க்கு மேல போற கடை மொத்தமா ஆயிரம், ரெண்டாயிரம் வாங்கும். அப்படி வாங்குறவங்களுக்குப் பெரிய கம்பெனிக்காரங்க நம்மை விட விலை குறைச்சுத் தருவாங்க. அந்தக் கம்பெனிக்காரங்க நூறு பைக்கெல்லாம் மிஷினை ஓட்ட மாட்டாங்க. நமக்கு இடம் இருக்கிறது அங்கதான்.

இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. கடைப் பேரு அச்சடிக்க ஒரு சட்டம் செய்யணும், 300 ரூபாய். நூறு பைக்கு நமக்கு 500 ரூபாய் நிக்கும். முதல் ஆர்டர்ல சட்டம் போக 200-தான். ரெண்டாவது ஆர்டர்ல அதே சட்டத்த எடுத்து அடிச்சா முழு 500-ம் நம்முது. அப்ப நாம தேட வேண்டியது ஒரே தடவைல நிறைய வாங்குற கடையை இல்ல, அதே பேருல திரும்பத் திரும்ப வாங்குற கடையை. கல்யாணத் தாம்பூலப் பை ஆர்டர்ல நாங்க ஏன் சம்பாதிக்கலைன்னும் இப்பதான் புரிஞ்சுது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுப் பேரு, புதுச் சட்டம்.

மாசம் எத்தனை உருப்படி போகுதுன்னு கடைக்காரர்கிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு யோசிப்பீங்க. கேக்க வேண்டாம். நம்ம குழுக்காரங்களே அங்கங்க ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கிறாங்க. ரெண்டு பேரோட ரசீதை எடுங்க. ஒருத்தி முதல் தேதி கொடுத்த ரசீது நம்பர் 412, இன்னொருத்தி பதினஞ்சாம் தேதி கொடுத்தது 447. பதினாலு நாள்ல 35 ரசீது, மாசத்துக்கு எழுபத்தஞ்சுக்குப் பக்கம். நடுவுல புது ரசீதுப் புத்தகம் மாத்தியிருந்தா இந்தக் கணக்கு தப்பிப்போகும், அதை மட்டும் பார்த்துக்கணும். முகூர்த்த மாசத்துல பார்த்த நம்பரை வருஷம் முழுக்கப் போகும்னும் எடுத்துக்கக்கூடாது.

மூணாவது, தூரம். நம்ம பஸ் நிக்கிற இடத்துல இருந்து பையைத் தூக்கிட்டு நடந்து போற தூரத்துல இருக்கணும். ஆட்டோ வெச்சா ஒரு தடவைக்கு 80, 100 போயிடும், நூறு பைல நிக்கிறதே 500.

நாலாவது, பணம். பை கொடுக்கிற அன்னைக்கே பாதி, மீதி பதினஞ்சு நாள்ல. இதுக்கு ஒத்துவராத கடைக்கு எவ்வளவு பெரிய ஆர்டரா இருந்தாலும் வேண்டாம். இந்த வரியை எழுதச் சொன்னது, விலகுறேன்னு சொன்ன அதே தங்கச்சிதான். அவ இன்னும் எங்க குழுவுலதான் இருக்கா.

பக்கத்தோட அடியில, யாருக்கு எழுதக்கூடாதுன்னும் எழுதினோம். ஒத்தை மிஷின் வெச்சு ஃபால்ஸ் அடிக்கிறதும் ஆல்டரேஷனும் மட்டும் செய்யிற கடை, ஆண்கள் தையல் கடை, ரெண்டு கிளைக்கு மேல இருக்கிற பொட்டிக்.

இதைக் கையில வெச்சுக்கிட்டு ரெண்டு புதன்கிழமை டவுன் முழுக்க நடந்தோம், நானும் எங்க பிரதிநிதி அக்காவும். புதன் எதுக்குன்னா, எங்க ஊர் ஆளுங்க சந்தைக்குப் போற நாள், தனியா பஸ் செலவு இல்ல. மொத்தம் 34 தையல் கடை இருந்துச்சு. வெளிய நின்னு பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும். ஆரி போட்ட ப்ளவுஸ் பொம்மைக்கு மாட்டியிருக்கா, உள்ள எத்தனை மிஷின் ஓடுது, ஆரிச் சட்டம் போட்டிருக்கா, ரேட் போர்டு இருக்கா. 34-ல 11 கடைதான் ஜாதகத்தோட பொருந்துச்சு. மத்த 23 பேருக்கும் நாங்க ஒரு வரி கூட எழுதல. 500 நோட்டீஸ் கொடுத்த கைக்கு இது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இந்தக் கடைக்கும் ஒண்ணு கொடுத்துட்டுப் போலாமே"ன்னு கை துறுதுறுன்னுச்சு.

அப்புறம்தான் கடிதம். இந்தத் தடவை எழுத அரை மணி நேரம் கூட ஆகல. யாருக்கு எழுதுறோம்னு தெரிஞ்சா வார்த்தை தானா வந்திடுது. அதையும் படிக்கிறேன்.

"வணக்கம் அக்கா. ப்ளவுஸ் தைக்கும் கடைகளுக்காகவே எங்கள் மகளிர் குழு ஒரு துணிப்பை தைக்கிறது. சேலை, லைனிங், அளவு ப்ளவுஸ் மூன்றும் ஒரே பையில் இருக்கும். வெளியே டோக்கன் சொருக பாக்கெட் உண்டு. துணி வாங்கும் அன்றே பையில் போட்டு வைத்தால் ஒன்றும் கலந்துபோகாது, டெலிவரிக்கும் அதே பை. உங்கள் கடைப் பெயர் அச்சடித்து 100 பை 2,200 ரூபாய். பத்து நாளில் தருவோம். ஆவணி முகூர்த்த வேலைக்கு ஆடி 15-க்குள் சொன்னால் போதும். வரும் புதன்கிழமை ஒரு மாதிரிப் பை கொண்டுவந்து காட்டலாமா?"

இதுல 'அனைத்து' என்கிற வார்த்தை எங்கயும் இல்ல பாருங்க. 'ஆதரவு தாரீர்' இல்ல. 'குறைந்த விலை'யும் இல்ல, விலையே இருக்கு. கடைசியில, பை வாங்குங்கன்னு கேக்காம, காட்ட வரலாமான்னுதான் கேட்டிருக்கோம். அதுக்குச் சரின்னு சொல்றது சுலபம்.

பதினொரு பேருக்கும் தனித்தனியா, கடைப் பேரைச் சேர்த்து அனுப்பினோம். தெரியாத நூறு பேருக்கு ஒரே செய்தியை அள்ளி அனுப்பினா அவங்க புகார் கொடுத்து நம்ம நம்பரே முடங்கிப்போகவும் வாய்ப்பிருக்கு. பதினொண்ணுக்கு அந்தப் பயம் இல்ல. வாட்ஸ்அப் பார்க்காத ரெண்டு அக்காவுக்குக் கையாலயே எழுதிக் கொடுத்துட்டு வந்தோம்.

எப்ப அனுப்பினோம் என்கிறதும் முக்கியம். ஆடி முதல் வாரம். ஆடியில கல்யாணம் இல்லைன்னு நாம சும்மா இருப்போம். ஆனா ஆவணிக் கல்யாணத்துக்கு ப்ளவுஸ் துணி கடைக்கு வர்றது ஆடியிலதான். அலமாரி நிரம்பி வழியப்போற நேரத்துல கடிதம் போனாத்தான் அவங்க கஷ்டம் அவங்களுக்கு ஞாபகம் வரும். அதே மாதிரி தை முகூர்த்தத்துக்கு மார்கழி முதல் வாரம் அனுப்புறோம்.

11 பேருல 7 பேர் பதில் போட்டாங்க. 5 பேர் நூறு நூறா வாங்கினாங்க. அதுல 4 பேர் தை மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவையும் வாங்கிட்டாங்க. முதல் சுத்துல 1,000 ரூபாய், ரெண்டாவது சுத்துல 2,000 ரூபாய், மொத்தம் 900 பைக்கு 3,000 நின்னுச்சு. பெரிய பணம் இல்லைதான். ஆனா ஆயிரம் பைக்கு இருபது ரூபாய் பார்த்தவங்க நாங்க. உள்கடன் ஒரு தடவை கூட ஒரு மாசத்துக்கு மேல வெளிய நிக்கல.

வாங்காத கடைங்ககிட்டயும் பாடம் இருந்துச்சு. ஒரு கடை ஜாதகத்துல எல்லாப் பொருத்தமும் சரியா இருந்துச்சு. மூணு தடவை போனோம். கல்லாவுல இருந்த பொண்ணு ஒவ்வொரு தடவையும் பையைப் பார்த்து ஆசையாத்தான் பேசினா. கடைசியிலதான் தெரிஞ்சுது, முதலாளி கோயமுத்தூர்ல இருக்காங்க, மாசத்துக்கு ஒரு நாள்தான் வருவாங்க. அந்தப் பொண்ணால 2,200 ரூபாய்க்கு முடிவு சொல்ல முடியாது. அதனால ஜாதகத்துல ஒரு வரி சேர்த்தோம்: முதலாளியே கடையில உட்கார்ந்திருக்கணும். இன்னொரு கடையில, வர்றவங்க எல்லாரும் அவங்கவங்க கட்டைப்பையிலயே துணி கொண்டுவந்து அதுலயே வாங்கிட்டுப் போறாங்க. அங்க நம்ம பைக்கு வேலையே இல்ல. இதை வெளிய பத்து நிமிஷம் நின்னு, வெளிய வர்றவங்க கையைப் பார்த்திருந்தாலே கண்டுபிடிச்சிருக்கலாம். இப்ப அதையும் பார்க்கிறோம்.

இங்க ஒரு விஷயத்தத் தப்பாப் புரிஞ்சுக்கக்கூடாது. எங்க குழுவிலயே ஒரு அக்கா தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, வீட்டுக்கே தேடிவந்த ஒரு பழக்கடைக்காரரை "நீங்க ஜாதகத்துல இல்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க! ஜாதகம் நாம யாரைத் தேடிப் போய் எழுதுறதுன்னு முடிவு பண்ணத்தான். தானா வந்து காசு கொடுக்கிறவங்களுக்கு, அச்சு இல்லாத பையாத் தாராளமாக் கொடுக்கலாம். அவருக்காக நோட்டீஸ் அடிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

மத்த குழுக்காரங்க, எங்க ஜாதகத்த அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க. மசாலாப் பொடி அரைக்கிற குழுவுக்கு பில் தொகைக் கணக்கு உதவாது. நேத்து அந்தக் குழுவோட நோட்டைச் சும்மா புரட்டிப் பார்த்தோம். அவங்ககிட்ட திரும்பத் திரும்ப வாங்குறது, முதலாளியம்மாவே அடுப்படியில நிக்கிற சின்ன மெஸ்ஸுங்க. சம்பளத்துக்கு மாஸ்டர் வெச்சிருக்கிற ஹோட்டல் ஒண்ணு கூட ரெண்டாவது தடவை வாங்கல. மாஸ்டருக்கு அவர் கைப்பக்குவம்தான் மரியாதை, நம்ம பொடியை அவர் ஏத்துக்க மாட்டார். அப்ப அவங்க ஜாதகத்துல முதல் வரி, சமைக்கிறது யாரு என்கிறதுதான். அவங்க நோட்டுல சிவப்பு வட்டம் போட்டப்புறம்தான் மத்த வரி தெரியும்.

எங்களுக்கும் இப்ப ஒரு கஷ்டம் இருக்கு, அதையும் மறைக்காமச் சொல்றேன். இந்த டவுன்ல பொருந்துற கடை பதினொண்ணுதான், அதுல அஞ்சு வந்தாச்சு. ஏழு பேருக்குத் தையல் வேலை கொடுக்க இது பத்தாது. நாங்க கேக்காமலே ஜாதகத்த விரிச்சு சாதாரண ப்ளவுஸ் கடைக்கும் எழுதலாமான்னு குழுவில பேச்சு வந்துச்சு. நான் வேண்டாம்னேன். 350 ரூபாய் பில்லுல 22 ரூபாய் பை நூத்துக்கு ஆறு ரூபாய்க்கு மேல போகுது, மறுபடி அஞ்சு ரூபாய் பேரம் ஆரம்பிச்சிடும். அதுக்குப் பதிலா அதே ஜாதகத்தோட, நம்ம பஸ் போற அடுத்த டவுனுக்குப் போகலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம். அங்க பஸ் டிக்கெட் கூட, சந்தை நாளும் வேற. அங்க எத்தனை கடை பொருந்தும்னு நடந்து பார்த்தாத்தான் தெரியும்.

வர்ற சனிக்கிழமை முதல் தடவை போறோம். அந்த டவுன்ல ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கிற அக்காக்கள் இந்தக் கூட்டத்துல நிறையப் பேர் இருக்கீங்க. உங்ககிட்ட பழைய தையல் ரசீது இருந்தா, கடைப் பேரு, தேதி, நம்பர் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து எங்க ஊக்குநர் அக்காகிட்டக் கொடுத்துட்டுப் போங்க. மாதிரிப் பையும், நாங்க எழுதின ஜாதகப் பக்கமும் மண்டபத்து வாசல்ல நம்ம மேஜையில வெச்சிருக்கோம். சாப்பிடப் போறப்ப பார்த்துட்டுப் போங்க.